காப்பியில் சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை: என் இரத்தப் பரிசோதனைகள் சொன்னவை

நாற்பத்திரண்டு வயதில், அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு இரண்டு குறைகள் ஒன்றாகத் தெரிய வந்தன. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0 என்று இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றும், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றும் அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் 10.2. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை. முகாமில் இருந்த மருத்துவருக்கு வரிசையில் நின்ற எல்லோரையும் பார்க்க வேண்டியிருந்ததால், "இனிப்பைக் குறைங்க, இரும்புச்சத்து உள்ள சாப்பாடா சாப்பிடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பாருங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார், மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஈரோட்டில் நான் மட்டும் இருக்கும் வீட்டில் இதைப் பேசித் தெளிவதற்கு ஆள் இல்லை. அதற்குப் பின் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். அன்று எனக்கு யாராவது இவற்றைச் சொல்லியிருந்தால், பல மாதங்களும் ஏறக்குறைய 7,000 ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து இருப்பதாகச் சொன்னவர், நான் காய்கறி வாங்கும் தெருவில் இருந்த ஓர் இயற்கை அங்காடியின் உரிமையாளர். சீனிதான் நோய்க்குக் காரணம் என்றும், நாட்டுச்சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும் என்றும், அதில் இருக்கும் இரும்புச்சத்தால் இரத்தம் ஊறும் என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். கைப்பேசியில் பார்த்த காணொளிகளும் அதையேதான் சொல்லின. பாட்டி காலத்து உணவு என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ள, கேள்வி கேட்கத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது. சீனி கிலோ 45 ரூபாய்க்குக் கிடைத்த நாளில், கிலோ 120 ரூபாய்க்கு நாட்டுச்சர்க்கரை வாங்கினேன். மாலைக் காப்பிக்கென்று கிலோ 450 ரூபாய்க் கருப்பட்டியும் வாங்கினேன். வீட்டில் இருந்த சீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாறிய முதல் வாரத்திலேயே காப்பி திரிந்தது. பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது நாட்டுச்சர்க்கரையைப் போட்டால், பால் பொடிப்பொடியாகப் பிரிந்து தயிர் கலக்கியதுபோல் ஆகிவிடும். வெல்ல வகைகளில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. ஈரம் கோத்துப் பழசானால் அந்தப் புளிப்பு இன்னும் கூடும். கொதிநிலையில் இருக்கும் பாலைத் திரிக்க அதுவே போதும். அடுப்பிலிருந்து இறக்கி, டிகாக்‌ஷனையும் பாலையும் கலந்து ஆற்றிய பிறகு கடைசியாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. வெந்நீரில் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது இன்னும் நல்லது, அடியில் தங்கும் மண்ணும் சக்கையும் போய்விடும். தென் மாவட்டங்களில் கருப்பட்டிக் காப்பியைப் பால் சேர்க்காமல் கடுங்காப்பியாகக் குடிக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் திரிவதை நான் உடனே கவனித்துச் சரிசெய்துகொண்டேன். கவனிக்காமல் விட்டது கரண்டியின் அளவை. நாட்டுச்சர்க்கரையின் இனிப்பு சீனியின் இனிப்பைவிடச் சற்று மட்டு. அதன் சொந்த வாசனை காப்பியின் கசப்போடு மோதுவதால், பழைய ருசி வரும்வரை போட்டுக்கொண்டே போவோம். முன்பு ஒரு டம்ளருக்கு ஒன்றரைக் கரண்டி சீனி போட்டுக்கொண்டிருந்தேன். மாறிய சில நாள்களில் அது குவித்த இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை ஆகியிருந்தது. நல்ல பொருள்தானே என்ற எண்ணத்தில், மதியம் சாப்பிட்டதும் ஒரு வெல்லத்துண்டு வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் வந்து சேர்ந்தது. சீனியாக இருந்திருந்தால் அப்படி ஒரு பிடி அள்ளித் தின்றிருக்க மாட்டேன்.

மூன்று மாதத்தில் பார்க்க வேண்டிய பரிசோதனையை, இனிப்பைத்தான் மாற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் அரை ஆண்டு தாண்டித்தான் பார்த்தேன். ஹெச்பிஏ1சி 6.8. ஹீமோகுளோபின் 9.9. ஆய்வகத்தில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து ஆறாமல் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால், 6.5 என்ற எல்லை எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. கணவரிடம் தொலைபேசியில் சொல்லவும் மனம் வரவில்லை. இரவில் தூக்கம் வராமல் மறுபடியும் காணொளிகளைத் தேடினேன். அவற்றுள் ஒன்று, நான் வாங்கியது கலப்படமாக இருக்கும், உண்மையான பனங்கற்கண்டுக்கு மாறிவிடு என்றது. அதையும் கால் கிலோ வாங்கினேன். பனங்கற்கண்டு என்பது பதநீர்ப் பாகிலிருந்து படிகமாகப் பிரியும் சுக்ரோஸ்தான் என்பதும், படிகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் அது சீனிக்கு நெருக்கம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பிறகுதான் சர்க்கரை நோய்க்கென்றே தனியாக மருத்துவம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது நான் குடிக்கும் காப்பியைப் பற்றி. பெருமையோடு நாட்டுச்சர்க்கரை என்றேன். ஒரு தாளில் சின்னப் படம் வரைந்து, அதை வைத்தே விளக்கினார். சீனியின் பெயர் சுக்ரோஸ். அதன் ஒரு மூலக்கூறு, ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சுக்ரேஸ் என்ற நொதி அந்தக் கையைப் பிரித்துவிடும். குளுக்கோஸ் நேராக இரத்தத்துக்குள் போகும், ஃபிரக்டோஸ் கல்லீரலுக்குப் போகும். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். மீதியில் ஒரு பங்கு, கரும்புச்சாறு கொப்பரையில் காயும்போதே பிரிந்துவிட்ட குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அதாவது குடலில் நொதி செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சம் அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. "அப்புறம் அது எப்படிங்க மெதுவா ஏறும்?" என்று அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

மெதுவாக ஏறும் என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். தவிடு நீக்காத தானியத்தையும் பயறு வகைகளையும் பற்றி அப்படிச் சொல்வது சரி, ஏனென்றால் அவற்றில் இருக்கும் நார்ச்சத்து மாவுப்பொருள் செரிமானமாவதைத் தாமதப்படுத்துகிறது. நிறம் பழுப்பாக இருப்பதால் அதே குணம் நாட்டுச்சர்க்கரைக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கரும்பின் நார் முழுவதும் சாறு பிழியும்போதே சக்கையாக வெளியே போய்விடுகிறது. அதிலும் காப்பியிலும் தேநீரிலும் கரைந்த பின், மெல்லவோ அரைக்கவோ எதுவும் மிச்சம் இல்லாத திரவமாக அது வெறும் வயிற்றில் இறங்குகிறது. சர்க்கரை வேகமாக ஏறுவதற்கு அதைவிட வசதியான வழி இருக்க முடியாது.

இதைக் கேட்ட பிறகும் எனக்கு முழுதாக மனம் ஆறவில்லை. என் மாமா ஒருவர் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை வைத்திருக்கிறார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகும் ஊர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் நின்று பார்த்தேன். பிழிந்த சாற்றைப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரிக்கிறார்கள். சுண்ணாம்பு போட்டதும் கருத்த நுரையாக அழுக்கு மேலே திரண்டு வருகிறது, அதை நீண்ட கரண்டியால் அள்ளி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சாறு சுண்டி, குமிழி தடித்து, பாகின் பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றி மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்க, கண் முன்னாலேயே பாகு மணல்போல் உதிர்ந்துவிடுகிறது. மாமாவிடம், சீனி ஆலையில் செய்வதற்கும் இதற்கும் என்னங்க மாமா வித்தியாசம் என்று கேட்டேன். "அங்கயும் இதே கரும்பு, இதே சாறுதான் அம்மணி. அவங்க படிகத்த மட்டும் பிரிச்செடுத்துட்டு மொலாசஸைத் தனியா ஒதுக்கிருவாங்க, நாம பிரிக்காம அப்படியே தேச்சுருவோம்" என்றார். அந்த மொலாசஸ் என்ற கருத்த பாகில்தான் நிறமும் வாசனையும் தாதுக்களும் இருக்கின்றன. உலர்ந்த நாட்டுச்சர்க்கரையில் அவை சிறு பங்குதான். இன்னொன்றையும் அவரே சொன்னார். பளிச்சென்ற மஞ்சள் நிறம் கேட்பவர்களுக்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் வேதிப்பொருளைப் போடுகிறார்கள். எடை கூடுவதற்காகப் பாகில் சீனியையே கொட்டிக் காய்ச்சுபவர்களும் உண்டு. ஆகவே 120 ரூபாய் கொடுத்து வாங்கும் பொட்டலத்தில் 45 ரூபாய்ச் சீனியும் கலந்திருக்கக்கூடும். அதை வீட்டில் நாக்கால் கண்டுபிடிக்க வழி இல்லை. சற்று அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்கினால் ஹைட்ரோஸைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பதோடு அந்த அறிவுரை நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தராசில் என் கரண்டியை நிறுத்துப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் கரண்டி என்பது அளவே அல்ல. பழைய ஒன்றரைக் கரண்டி சீனி 7 கிராம் இருந்தது. குவித்த இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை, அதன் ஈரப்பதமும் சேர்ந்து 12 கிராம் நின்றது. இந்திய உணவுச் சத்து அட்டவணைகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கணக்குப்படி 100 கிராம் வெல்லத்தில் 95 கிராம் கார்போஹைட்ரேட், அதாவது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை. கலோரியும் சீனிக்கு 398 என்றால் வெல்லத்துக்கு 383. அப்படியானால் 12 கிராமில் சர்க்கரை மட்டும் 11 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் காப்பிக்கு, முன்பு 21 கிராமாக இருந்தது இப்போது ஏறக்குறைய 34 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாள் ஒன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. தேனும் பாகும் அந்தக் கணக்கில்தான் வரும். சீனி போட்ட காலத்தில் காப்பியளவில் நான் அந்த எல்லைக்குள் இருந்திருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று மாறிய பிறகுதான் எல்லையைத் தாண்டியிருக்கிறேன். மதிய வெல்லத்துண்டை இதில் சேர்க்கவே இல்லை.

உடம்பு இரண்டையும் ஒரே விதமாகத்தான் நடத்துகிறதா என்பதை என் விரலிலேயே பார்த்துவிடலாம் என்று, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினேன். சோதனைப் பட்டைகளோடு சேர்த்து 1,500 ரூபாய்க்கு மேல் ஆனது. காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஓர் அளவு. பிறகு ஒரே டம்ளர், ஒரே அளவு பால், ஒரே அளவு டிகாக்‌ஷன், குடித்து ஒரு மணி நேரம் கழித்து இன்னோர் அளவு, அதற்கிடையில் பிஸ்கட்டோ நடைப்பயிற்சியோ கிடையாது. ஒரு நாள் இனிப்பே இல்லாத காப்பி, இன்னொரு நாள் 10 கிராம் சீனி, மற்றொரு நாள் 10 கிராம் நாட்டுச்சர்க்கரை, இரண்டும் கரண்டியால் அல்லாமல் தராசில் நிறுத்தது. இனிப்பில்லாத காப்பிக்கு 108-லிருந்து 121 போனது, அது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையால் வந்தது. சீனிக்கு 110-லிருந்து 143. நாட்டுச்சர்க்கரைக்கு 107-லிருந்து 146. இந்த மூன்று எண்ணை வைத்து நாட்டுச்சர்க்கரைதான் கூடுதல் கெடுதல் என்று சொன்னால் அதுவும் பிழையாகிவிடும். வீட்டுக் கருவிகளுக்கான தரவிதியே, ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காடு வரை விலகல் இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆகவே 143-ஐயும் 146-ஐயும் ஒன்று என்றுதான் படிக்க வேண்டும். மெதுவாக ஏறும் என்ற வாக்குறுதி உண்மையாக இருந்தால், நாட்டுச்சர்க்கரையின் எண் இனிப்பில்லாத காப்பியின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வேறு நாள்களில் திரும்பச் செய்து பார்த்தபோதும் அது அந்தப் பக்கம் சாயவில்லை.

இந்தச் சோதனையில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கருவி 214 காட்டியபோது எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. சற்று முன்புதான் வெல்லத்தைக் கையால் உதிர்த்திருந்தேன், விரல் நுனியில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தபோது 139 வந்தது. தோலில் ஒட்டிய துளி இனிப்பும் அந்தச் சிறு இரத்தத் துளியில் கலந்து எண்ணை ஏற்றிவிடும். சானிடைசர் தடவினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் ஒட்டியிருக்கும் சர்க்கரையை நீக்குவதற்குத் தண்ணீரில் கழுவித் துடைப்பதுதான் சரியான முறை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இப்படிப்பட்ட பொய் எண்ணை நம்பி மருந்தைக் கூட்டிவிட்டால் பெரிய ஆபத்தாகிவிடும்.

இனி இரும்புச்சத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அதிக வருத்தம் தந்தது. வெல்லத்தில் இரும்பு இருப்பது பொய்யல்ல. சீனியில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். அதே பழைய அட்டவணையில் 100 கிராம் வெல்லத்துக்கு 2.64 மி.கி. இரும்பு என்று இருக்கிறது. நான் நாள் முழுவதும் போட்டுக்கொண்ட 36 கிராமில் அது 1 மி.கி. கூட வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மி.கி. வெல்லத்தின் மூலமே அதை எட்டுவதென்றால் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். இரும்புக் கொப்பரையில் காய்ச்சியதால் இரும்பு கூடுதலாக இறங்கியிருக்கும் என்று வைத்து மூன்று மடங்காகக் கணக்கிட்டாலும் 3 மி.கி.யைத் தாண்டாது.

அந்தக் கொஞ்சமும் உடம்பில் சேரவிடாமல் தடுப்பது, அதைக் கரைத்துக் குடித்த பானமேதான். தேயிலையில் இருக்கும் டானின் போன்ற பொருள்களும் காப்பியில் இருக்கும் பாலிபீனால்களும், தாவர உணவிலிருந்து வரும் இரும்பைக் குடலில் பற்றிக்கொண்டு உறிஞ்ச விடாமல் செய்துவிடுகின்றன. தேநீருக்கு இந்தக் குணம் காப்பியைவிடவும் கூடுதல். பாலில் இருக்கும் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். இரத்தம் ஊறுவதற்காக வெல்லத்தைத் தேநீரில் போட்டுக் குடிப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வதாகும். அதைவிட மோசம், நான் காலைச் சிற்றுண்டியோடும் மதிய உணவு முடிந்த உடனேயும் காப்பி குடிப்பவள். அப்படிக் குடிப்பதால் கீரையிலும் பயறிலும் இருந்த இரும்பும் சேர்ந்து தடைபட்டிருக்கிறது. என் ஹீமோகுளோபின் அரை ஆண்டில் ஏறாமல் போனதில் எனக்கு இப்போது வியப்பில்லை. அதற்கு மூலகாரணம் மாதவிடாயின்போது அதிகமாகப் போன உதிரம் என்பதை மருத்துவர் கேட்டுக் கண்டுபிடித்தார். ஃபெரிட்டின் என்ற, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனையில் 9 என்று வந்தது. அந்த அளவுக்கு வற்றிய சேமிப்பை எந்த இனிப்பாலும் நிரப்ப முடியாது, மாத்திரைதான் வேண்டும்.

இரத்தசோகை இருந்ததால் இன்னொரு சிக்கலும் கிளம்பியது, இதை நிறையப் பேர் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள்கள் வாழ்வதால்தான் அது கடந்த மூன்று மாதத்தைக் காட்டுகிறது. இரும்புக் குறைபாட்டில் புதிய அணுக்கள் உருவாவது மந்தமாகி, பழைய அணுக்களின் பங்கு கூடிவிடுகிறது. பழைய அணுவில் குளுக்கோஸ் ஒட்டுவதற்குக் கூடுதல் காலம் கிடைத்திருப்பதால், உண்மையில் இருப்பதைவிட எண் உயர்ந்து தெரியக்கூடும். ஆகவே அந்த 6.8-ஐ மட்டும் வைத்து என்னைச் சர்க்கரை நோயாளி என்று எழுத மருத்துவர் மறுத்துவிட்டார். இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் வந்து, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்கும் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். வெறும் வயிற்றில் 114, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 182. இரண்டு மணி நேர அளவு 200-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய், 140 முதல் 199 வரை அதற்கு முந்தைய நிலை. நான் அந்த இடைநிலையில்தான் இருந்தேன். 6.0 என்பது 6.8 ஆனதில் கூடுதலாகப் போன இனிப்பின் பங்கு எவ்வளவு, மோசமான இரத்தசோகையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இரத்தசோகை உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி தாளைப் பார்த்துப் பதறுவதற்கும், அதேபோல் நிம்மதி அடைவதற்கும் முன்னால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அதன்பின் செய்தவை எளியவை. இரும்பு மாத்திரையைக் காப்பியிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொண்டேன். வயிறு ஒத்துக்கொண்ட நாள்களில் எலுமிச்சைச் சாற்றோடு குடித்தேன், ஏனென்றால் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவுகிறது. மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். உணவோடு காப்பி குடிப்பதை நிறுத்தி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ மாற்றிக்கொண்டேன். இனிப்பை ஒரேயடியாக விட முயன்றபோது தலைவலியும் எரிச்சலும் வந்து மறுபடி கரண்டியைத் தொட வேண்டியிருந்தது. எனவே தராசில் நிறுத்து 12 கிராமை 8 ஆக்கி, அந்த ருசி பழகிய பின் 5 ஆக்கி, பிறகு 3 ஆக்கினேன். இதற்கு மிகவும் கைகொடுத்தது இனிப்பை மாற்றுவது அல்ல, கசப்பைக் குறைப்பது. நான் வாங்கிக்கொண்டிருந்த பொடியில் சிக்கரி 40 விழுக்காடு கலந்திருந்தது, அதுவும் கடுமையாக வறுத்தது. சிக்கரி கலக்காத, இளவறுப்புப் பொடிக்கு மாறி, டிகாக்‌ஷனைச் சற்று இளக்கமாக இறக்கியபோது, 3 கிராமே போதும் என்று நாக்குக்குத் தோன்றியது. கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். வெளியில் குடிக்க நேர்ந்தால் "நாட்டுச்சர்க்கரை டீ" என்ற பலகையைப் பார்த்து நிற்பதில்லை. அங்கே ஒரு குவளைக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. இனிப்பே போடாமல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை தனியாக வாங்கிக் கலந்துகொள்கிறேன்.

அந்த 3 கிராம் இப்போதும் நாட்டுச்சர்க்கரைதான். அதன் வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது, மாமாவின் ஆலையிலிருந்து வருகிறது என்பதால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ருசிக்காக அதை விரும்புபவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். சீனியாக இருந்தால் எத்தனை கிராம் போடுவீர்களோ அதே எண்ணிக்கையைத் தராசில் நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கருப்பட்டிக்கும் இதுவே கணக்கு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், நாட்டுச்சர்க்கரைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. அவர் உங்கள் உணவைக் கேட்டு எழுதும்போது அதைச் சீனியின் வரிசையிலேயே எழுதிக்கொள்வார், எழுதவும் வேண்டும்.

மாத்திரை தொடங்கி சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.3-க்கு வந்தது, ஹெச்பிஏ1சி 6.1 ஆனது. முகாமில் முதன்முதலில் பார்த்த 6.0-ஐவிட அது குறையவில்லை. இரத்தசோகை சரியான பின் வந்த எண் என்பதால் இதைத்தான் என் உண்மையான தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். காப்பியில் குறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால், இப்போது இரவு உணவில் சோற்றின் அளவையும், சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. இம்முறை அதைத் தள்ளிப்போடுவதாக இல்லை.